பேரேடு பார்த்தவன் நாவல் படித்தால்

பாலக்கோடு

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய ‘எரியும் பனிக்காடு’ படித்து முடித்தேன். வால்பாறை தேயிலைத் தோட்டக் கதை. ஒரே அழுகையாக இருக்கிறது, பாதியில் வைத்துவிட்டேன் என்று போனில் சொன்னாய். கல் குவாரியில் ஆள் வருகைப் பேரேடு எழுதியே காலம் தள்ளியவன் நான். எனக்கு அழுகையைவிடக் கணக்குதான் கண்ணில் பட்டது.

மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் கொடுக்கிறான் இல்லையா, அந்தப் பணம் அவனுடையது அல்ல, தோட்டத்துப் பணம். அவன் கூட்டிவந்த ஆள் எத்தனை நாள் வேலைக்கு வருகிறானோ, அத்தனை நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று மேஸ்திரிக்குக் கமிஷன். காய்ச்சலில் கிடப்பவனை அவன் ஏன் அடித்து எழுப்புகிறான் என்பது இதிலேயே இருக்கிறது. ஆள் படுத்தால் அவன் கமிஷனும் படுத்துவிடும். கடன் அடைந்து ஆள் ஊருக்குப் போனாலும் அவனுக்கு நஷ்டம்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். தொகையெல்லாம் நான் வைத்துக்கொண்டது, நாவலில் தேடாதே. புருஷனுக்கு ஆறணா, பெண்டாட்டிக்கு நாலணா. இருவரும் மாதம் 24 நாள் போனால் 240 அணா, அதாவது 15 ரூபாய். அரிசிக்கும் கம்பளிக்கும் 9 ரூபாய் பிடித்தால் மீதி 6. முன்பணம் 60 ரூபாய் என்றால் பத்து மாதத்தில் தீரும். மலேரியாவில் இருவருக்கும் மாதம் ஆறு நாள் போகட்டும். கூலி பதினொன்றே கால் ரூபாய்க்கு இறங்கும், ஆனால் சாப்பாட்டுச் செலவு இறங்காது. மீதி இரண்டே கால். அதே கடன் தீர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். அரை நாள் கூலி போடுவது, பிரசவம் எல்லாம் இதில் சேர்க்கவே இல்லை.

சரி, ஓடிவிடலாமே என்பாய். முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனால் ஜெயிலில் போட 1859-லேயே சட்டம் இருந்தது. 1920களின் நடுவில்தான் அதை எடுத்தார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வை. எழுதிய பி.எச். டேனியல் தோட்டத்து டாக்டர். அதனால் காய்ச்சல், சாவு பற்றி அவர் எழுதியதை அப்படியே நம்புவேன். ஆனால் கதை நடக்கும் காலம் அவர் அங்கே போவதற்கு முந்தியது, கூலி விவரமெல்லாம் பெரியவர்கள் சொல்லக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும். கூலியில் என்ன பிடித்தார்கள், எப்போது பிடித்தார்கள் என்பது அதை வாங்கியவனுக்கு மறக்காது. அணா பைசாவைத்தான் வேறு இடத்திலும் ஒத்துப் பார்க்க வேண்டும்.

விட்ட இடத்திலிருந்து படி. வருஷக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் இடம் வரும்போது பென்சிலை எடுத்துக்கொள்.

புத்தகம் இப்போது உன் சித்தப்பாவிடம் இருக்கிறது, அவர் முடித்ததும் உனக்கு வரும். செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிப் போனவர் ஆச்சே, பக்கத்துக்குப் பக்கம் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே படிக்கிறார்.

அப்பா