மல்லிக்கு: மிச்ச புக்கு திருப்பி அனுப்புற விஷயம்

மல்லி,

உன் வாய்ஸ் மெசேஜ் ரெண்டு தடவ கேட்டேன், பின்னாடி மஞ்சக்குப்பம் பஸ் ஹாரன்ல பாதி காதுல விழல, ஆனா விஷயம் புரிஞ்சுது. நெய்வேலி புக் ஃபேர் நல்லா போச்சுன்னு சொன்னது ரொம்ப சந்தோஷம்டி. இங்க பாண்டில கடை சுமார்தான், ஸ்கூல் திறந்தப்ப இருந்த கூட்டம் இப்ப இல்ல. சின்னவ ப்ளஸ் ஒன் சேந்துட்டா, அக்கவுண்ட்ஸ் எடுத்திருக்கா, கடைல உக்கார வச்சு பில் போட விடலாம்னு பாக்குறேன், அவ ஓடுறா.

சரி உன் விஷயத்துக்கு வரேன், ஃபேருக்கு எடுத்த புக்ல விக்காம மிச்சமானத எப்படி திருப்பி அனுப்புறதுன்னு கேட்டியே. சரக்கு குடுத்தவங்களோட ஏஜென்ட் ஆளு "முழு பில்லையும் இப்ப கட்டிடுங்கக்கா, ரிட்டர்ன் அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னார்னு சொன்னியே, அத மட்டும் செய்யாத. பணம் அவங்க கைக்கு போனதுக்கப்புறம் ரிட்டர்ன எடுத்துக்கறதுக்கு அவங்களுக்கு என்ன அவசரம் இருக்கும்?

மொதல்ல பில்ல எடுத்து வச்சுக்க. நீ ஃபோட்டோ அனுப்புனதுல 200 காபி, விலை 250, டிஸ்கவுன்ட் 35 சதவீதம், அதாவது உனக்கு ஒரு காபி 162 ரூபா 50 பைசா, மொத்தம் 32,500. கீழ எஸ்.ஓ.ஆர்., 90 நாள்னு இருக்கு, அதாவது வித்ததுக்கு காசு, விக்காதத 90 நாளுக்குள்ள திருப்பித் தரலாம். பில் தேதி ஜூன் 28. அப்ப 90 நாள் செப்டம்பர் 26ல முடியுது, ஃபேர் முடிஞ்ச நாள்ல இருந்து எண்ணாத, பில்ல அப்படி எழுதல. இந்த தேதிதான் உசிர். 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்துல 24வது பிரிவுல தெளிவா இருக்கு, விக்கலன்னா திருப்பித் தரலாம்னு வாங்குன சரக்க, வேணாம்னு சொல்லாம சொன்ன தேதி தாண்டி வச்சிருந்தா அது உன்னோடதாயிடும், காசு குடுக்கணும். தேதி போடாத டீலா இருந்தா "நியாயமான காலம்"னு ஒரு இழுவை இருக்கு, உனக்கு அந்த தொல்லை இல்ல. அதனால சரக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே, எழுத்துல, மெயில்லயோ வாட்ஸ்ஆப்லயோ "இத்தன காபி திருப்பி அனுப்புறேன்"னு ஒரு தகவல் போயிடணும். ஃபோன்ல மட்டும் சொன்னா பின்னாடி நிரூபிக்கறது கஷ்டம்.

அடுத்து எண்ணுறது. வித்தது 118ன்னு சொன்ன, மிச்சம் 82. இதுல மழைல ஓரம் நனைஞ்சது 6 இருக்குன்னு சொன்னியே, அத பெட்டில போட்டு அனுப்பாத. அவங்க திரும்ப விக்க முடியாத காபிக்கு கிரெடிட் குடுக்க மாட்டாங்க, அது அவங்க பக்கம் நியாயம்தான், அதோட அந்த ஆறுனால மொத்த பெட்டியையும் "டேமேஜ் சரக்கு"ன்னு ஒதுக்கி வச்சுடுவாங்க, பாத்திருக்கேன். அத நீயே எடுத்துக்க, பாதி விலைக்கு வித்துடு. அப்ப ரிட்டர்ன் 76. 76 இன்டு 162.50, 12,350 ரூபா. நீ கட்ட வேண்டியது 118ம் 6ம் சேத்து 124க்கு, 20,150. ரெண்டும் கூட்டுனா 32,500 வருது பாரு, இது வரலன்னா எங்கயோ எண்ணிக்கை தப்பு, மறுபடி எண்ணு.

76லயும் உன் விலை ஸ்டிக்கர் இருந்தா மெதுவா எடு, ஹேர் ட்ரையர்ல லேசா சூடு காட்டுனா பேப்பர் கிழியாம வரும். ஆனா உள்பக்கத்துல கடை ரப்பர் ஸ்டாம்ப் போட்ட காபி இருந்தா அத அனுப்பாத, அதுவும் உன் கணக்குல சேந்துடும், மேல சொன்ன கணக்க அதுக்கு ஏத்த மாதிரி மாத்திக்க. பேக்கிங் லிஸ்ட் மூணு காபி, ஒண்ணு பெட்டிக்குள்ள, ஒண்ணு மெயில்ல, ஒண்ணு உன்கிட்ட. பெட்டிய திறந்தபடி ஒரு ஃபோட்டோ, ஒட்டுனதுக்கப்புறம் ஒரு ஃபோட்டோ. லாரி ஆபீஸ்ல தர்ற எல்.ஆர். ரசீதுல பெட்டி எண்ணிக்கை சரியா எழுதுறானான்னு நின்னு பாரு, கடலூர் ஓ.டி. பக்கம் சில இடத்துல கிறுக்கித் தள்ளிடுவான். வாடகை யார் தலைலன்னு பில்ல இல்லன்னா முன்னாடியே கேட்டுக்க, பொதுவா அனுப்புறவங்கதான் கட்டுறது.

இப்ப முக்கியமான எடம். போன வருஷம் எனக்கு ஒரு பதிப்பகத்துல நடந்தது சொல்றேன், பேர் வேணாம். திருப்பி அனுப்புன சரக்குக்கு இவ்வளவு கழிச்சுக்கறோம்னு அவங்க எழுதித் தர்ற கிரெடிட் நோட் வந்துச்சு, சந்தோஷமா ஃபைல்ல போடப் போனேன், ரேட்ட பாத்தா 40 சதவீத டிஸ்கவுன்ட் கழிச்சு போட்டிருக்காங்க. எங்க பில் 35. கேட்டா "இப்ப எல்லாருக்கும் 40தானே மேடம், புது ஸ்கீம்"ங்கறாங்க. விக்கும்போது 35, திரும்ப எடுக்கும்போது 40! உன் கணக்குல அப்படி பண்ணா ஒரு காபி 150 ஆயிடும், 76க்கு 11,400, உனக்கு 950 ரூபா போச்சு. நான் பழைய பில்லோட காபிய அனுப்பி "எந்த பில்லுல வந்துச்சோ அந்த ரேட்டுக்குத்தான் போகணும்"னு ரெண்டு வரி எழுதுனேன், மாத்தி குடுத்தாங்க, முணுமுணுத்துக்கிட்டே. அதனால நீ கேக்கும்போதே ரேட்ட சொல்லி கேளு. சரக்க லாரில போட்டு எல்.ஆர். வாங்குனதும் இப்படி எழுது:

"வணக்கம். ஜூன் 28 தேதியிட்ட உங்கள் பில்லில் எஸ்.ஓ.ஆர். முறையில் வந்த 200 பிரதிகளில் 76 விற்காததால் 90 நாள் கெடுவுக்குள் திருப்பி அனுப்புகிறேன். பேக்கிங் லிஸ்ட், எல்.ஆர். இணைத்துள்ளேன். பில் ரேட்டான 162.50 வீதம் 12,350 ரூபாய்க்கு அந்த பில் எண்ணைக் குறிப்பிட்டு கிரெடிட் நோட் அனுப்பவும். மீதம் 20,150 ரூபாய் அது வந்ததும் செலுத்துகிறேன். எண்ணிக்கையிலோ பிரதிகளின் நிலையிலோ குறை இருந்தால் பெட்டி வந்த ஒரு வாரத்தில் தெரிவிக்கவும்."

பில் நம்பர மறக்காம போடு. கடைசி வரி ரொம்ப அவசியம், இல்லன்னா மூணு மாசம் கழிச்சு "9 காபி குறையுது"ன்னு ஃபோன் வரும்.

கிரெடிட் நோட் வராம, எதுக்குன்னும் எழுதாம நீயா 12,350ஐ கழிச்சுட்டு அனுப்பாத மல்லி. அவங்க லெட்ஜர்ல அது பாக்கியாவே நிக்கும், அடுத்த ஃபேருக்கு சரக்கு கேக்கும்போது "பழைய பாக்கி இருக்கே"ன்னு நிறுத்துவாங்க. கிரெடிட் நோட்ட அவங்க ரொம்ப இழுத்தடிச்சா மட்டும் 20,150 கட்டி, இது எந்த 124 காபிக்குன்னு எழுதி அனுப்பு. ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கி பாக்கி பூஜ்யமான்னு பாத்துடு.

ஜி.எஸ்.டி. பயம் வேணாம், அச்சடிச்ச புக்குக்கு வரி கிடையாது. நீ பக்கத்துல வச்சிருக்கற பேனா, பொம்மை இப்படி வரி போட்டு வர்ற சரக்குக்கு மட்டும் வேற, அங்க கிரெடிட் நோட்டுல வரிய குறைக்க சப்ளையருக்கு ஒரு கெடு இருக்கு, சப்ளை நடந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30, வருஷ ரிட்டர்ன முன்னாடியே போட்டுட்டா அதுக்குள்ளயே. நீ அந்த வரிய கிரெடிட் எடுத்திருந்தா அதையும் திருப்பணும், அத உன் ஆடிட்டர்கிட்ட சொல்லிடு.

பெட்டி ஒட்டுறதுக்கு முன்னாடி பேக்கிங் லிஸ்ட எனக்கு ஒரு தடவ அனுப்பு, பாத்துட்டு சொல்றேன். அம்மாவோட முழங்கால் எப்படி இருக்கு? தீபாவளிக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம பாண்டி வா, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா.

சரோ