சவுண்ட் பாக்ஸ் பேசாத நேரத்தில் வரும் குரல்: பெட்டி வழங்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

யுபிஐ பணம் பெறக் கடைகளுக்கு சவுண்ட் பாக்ஸ் வழங்கும் நிறுவனத்தாருக்கும், யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ அதிகாரிகளுக்கும் வணக்கம்.

காலை ஏழரை மணி, டீக்கடையில் கூட்டம். இரண்டு டீ, இரண்டு வடை, ஐம்பது ரூபாய். இளைஞர் ஒருவர் கியூஆர் அட்டையின் முன் போனை நீட்டுகிறார். "ஐம்பது ரூபாய் பெறப்பட்டது" என்று குரல் கேட்கிறது. போனில் பச்சை டிக் தெரிகிறது. அவர் கிளம்பத் திரும்புகிறார்.

"தம்பி, ஒரு நிமிஷம்" என்கிறார் கடைக்காரர்.

அவருக்கு உறுத்தியது ஒரே சொல்: "பெறப்பட்டது". பணம் கொடுப்பவரின் செயலி "அனுப்பப்பட்டது" என்று காட்டும், அல்லது ஒரு மணியோசை எழுப்பும். "பெறப்பட்டது" என்பது வாங்குபவர் பக்கத்துச் சொல். அது கல்லா மேல் இருக்கும் பெட்டியிலிருந்து வரவேண்டும். வந்ததோ கல்லாவுக்கு முன்னாலிருந்து, போனின் சன்னமான குரலில். கடைக்காரர் பெட்டியில் கடைசி வரவைத் திரும்பச் சொல்லும் பொத்தானை அழுத்தினார். அதற்கு முன் வேறொருவர் கொடுத்த பதினைந்து ரூபாயைத்தான் பெட்டி சொன்னது. தன் வியாபாரச் செயலியையும் திறந்து பார்த்தார். ஐம்பது ரூபாய் வரவு அதில் இல்லை. இளைஞர் ஒன்றும் பேசாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் போனில் இருந்தது, பணம் கொடுத்தது போலக் காட்டும் போலிச் செயலி. அதில் கடைப் பெயரையும் தொகையையும் தட்டினால் போதும். பச்சை டிக், தேதி, பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், பெட்டியின் குரல் எல்லாம் வந்துவிடும். குரலைப் போலி செய்வது எளிதாக இருப்பதற்குக் காரணம் உங்கள் பெட்டி பேசும் விதம். வங்கியில் வரவு உறுதியானதும் உங்கள் சர்வர் பெட்டியின் சிம் வழியாகச் செய்தி அனுப்புகிறது. பெட்டி, முன்பே பதிவான எண் ஒலிகளைக் கோத்து ஒரு வாக்கியமாக்குகிறது. எல்லாக் கடைக்கும் அதே குரல், அதே வாக்கியம். ஒருமுறை பதிவு செய்தவர் எந்தக் கடையிலும் அதை ஒலிக்கவிடலாம்.

'பின் எண் தட்டுகிறாரா என்று பாருங்கள்' என்று கடைக்காரர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை டீக்கடைக்குப் பொருந்தாது. யுபிஐ லைட்டில் ஆயிரம் ரூபாய் வரை பின் இல்லாமலே பணம் போகும். நேர்மையான வாடிக்கையாளரும் பின் தட்டாமல்தான் கொடுப்பார்.

சிக்கலின் வேர் பெட்டியின் மௌனத்தில் இருக்கிறது. சிக்னல் போனாலும், சார்ஜ் இறங்கினாலும், சர்வரில் தாமதம் ஆனாலும் பெட்டி பேசாது. பணமே வராவிட்டாலும் பேசாது. எதனால் பேசவில்லை என்று கடைக்காரருக்குத் தெரியாது. 'நெட்வொர்க் ஸ்லோண்ணே, கழிஞ்சிருச்சு பாருங்க' என்று ஒருவர் சொன்னால் அவரால் மறுக்க முடிவதில்லை. ஏமாற்றுபவர் நுழைவது இந்த இடைவெளியில்தான். அதே இடைவெளியில், உண்மையிலேயே கணக்கில் பணம் கழிந்து கடைக்கு உறுதி வராத ஒருவரும் திருடனைப் போல நிற்க நேர்கிறது. அவருக்கு ரிசர்வ் வங்கியின் 2019 விதி இருக்கிறது: கடைக்கு உறுதி வராத யுபிஐ தொகை, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். இதைக் கடைக்காரரும் அறிந்திருந்தால், 'எனக்கு வரலை தம்பி, உங்க பணம் உங்களுக்கே திரும்பிரும், இப்போ ரொக்கமா கொடுங்க' என்று சண்டையில்லாமல் கேட்க முடியும்.

ஆகவே இரண்டு மாற்றங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, பெட்டி இணைப்பை இழந்தால் உடனே "இணைப்பு இல்லை" என்று சொல்லட்டும், சரியானதும் "இணைப்பு வந்தது" என்று சொல்லட்டும். தாமதமாக வந்த பழைய வரவுகளை வாசிக்கும்போது அவற்றின் நேரத்தையும் சேர்த்துச் சொல்லட்டும். இல்லையென்றால் பத்து நிமிடம் முன்பு வந்த ஐம்பது ரூபாய், இப்போது எதிரில் நிற்பவர் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது, உறுதி கண்ணுக்கும் தெரியட்டும். கடைக்கென்று ரகசியச் சொல்லோ வரிசை எண்ணோ சேர்த்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். உரக்கச் சொல்வதை வரிசையில் நிற்பவரும் கேட்பார், அடுத்த நாளே அதையும் போலி செய்வார். ஆனால் கல்லாப் பக்கம் பார்த்து எரியும் விளக்கை அவரது போனால் எரிய வைக்க முடியாது. ஒவ்வொரு வரவுக்கும் அந்த விளக்கு பத்து விநாடி பச்சையாக எரிந்தால், பாய்லர் இரைச்சலில் குரல் எங்கிருந்து வந்தது என்று கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பேட்டரிக்கும் நெட்வொர்க்குக்கும் விளக்கு வைத்திருக்கும் பெட்டிகளில் மென்பொருளை மாற்றினாலே இதைச் செய்துவிடலாமா என்று முதலில் பாருங்கள்.

ஐம்பது ரூபாய்க்காகக் கடையை விட்டுவிட்டு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-ஐ அழைத்துக் காத்திருக்க டீக்கடைக்காரருக்கு நேரமில்லை. புகார்ப் பட்டியலை மட்டும் பார்த்து இந்த ஏமாற்றின் அளவைக் கணிக்க வேண்டாம்.