ஆர்கானிக் என்று எழுதினால் எண்ணையும் எழுதட்டும்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் ஏற்றுமதி பின்னலாடைத் தொழிலில் மெர்ச்சண்டைசராக வேலை பார்ப்பவன். பையரோடு விலை பேசும் நேரத்தைவிட, சான்றிதழ்க் காகிதங்களைத் திரட்டும் நேரமே என் வேலையில் அதிகம். அண்மையில் உறவினர் வீட்டுக் குழந்தைக்காக ஒரு கடையில் சட்டை வாங்கினேன். தொங்கிய அட்டையில் ஓர் இலைப் படமும் ‘ஆர்கானிக் காட்டன்’ என்ற சொல்லும் இருந்தன. உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் 95 சதவீதம் பருத்தி, 5 சதவீதம் எலாஸ்டேன், துவைக்கும் முறை, அவ்வளவுதான். அட்டையிலிருந்த எண்ணுக்குப் பேசியபோது, “காட்ஸ் சான்று பெற்ற நூலில் செய்ததுதான் சார்” என்று பணிவாகவே பதில் வந்தது. அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் காட்ஸ் விதிப்படி, அப்படிச் சொல்லி ஓர் ஆடையை விற்கவே கூடாது.

காரணத்தைச் சொல்கிறேன். நாங்கள் காட்ஸ் என்று சொல்வது உலக ஆர்கானிக் ஜவுளித் தரநிலையை. அதன் கீழ் ஜின்னிங் ஆலை, நூற்பாலை, நிட்டிங், சாயப்பட்டறை, தையல் நிறுவனம் என ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே சான்று பெற்றிருக்க வேண்டும். சாயத்தில் எந்த ரசாயனங்கள் கூடாது, கழிவுநீரை எப்படிச் சுத்திகரிக்க வேண்டும், தொழிலாளரை எப்படி நடத்த வேண்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். நடுவில் ஒரு பட்டறை சான்றில்லாததாக இருந்தாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். அதன் பிறகு ஆடையில் காட்ஸ் பெயரைச் சொல்ல இடமில்லை. சங்கிலி முழுமையாக இருந்தால், 95 சதவீதத்துக்குக் குறையாமல் ஆர்கானிக் இழை உள்ள ஆடைக்கு ‘ஆர்கானிக்’ என்றும், 70 சதவீதத்துக்குக் குறையாதபோது ‘இத்தனை சதவீதம் ஆர்கானிக் இழையால் ஆனது’ என்றும் எழுதலாம். இரண்டிலும் சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருந்தாக வேண்டும். அந்த எண்ணை காட்ஸின் பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

இத்தனை காகிதம் எதற்கு, துணியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. இந்தியாவில் விளையும் பருத்தியில் மிகப் பெரும்பகுதி மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி. ஆர்கானிக்கில் அத்தகைய விதை கூடாது என்பதால், பஞ்சு நிலையில் மரபணுச் சோதனை செய்து கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் ப்ளீச்சிங்கும் சாயமும் முடிந்த துணியில் சோதிக்கத்தக்க மரபணுப் பொருள் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. வயலில் அடித்த பூச்சிமருந்தின் எச்சமும் அந்தக் கழுவலில் போய்விடுகிறது. ஆகவே கடையில் தொங்கும் சட்டை ஆர்கானிக்தானா என்பதற்கு நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி, ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் வழங்கப்படும் டிசி என்கிற பரிவர்த்தனைச் சான்றிதழும் அதிலுள்ள எடைக் கணக்கும்தான்.

அந்தக் கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். ஒரு நிறுவனம் 1,000 கிலோ ஆர்கானிக் நூலுக்கு டிசி வைத்திருக்கிறது. நிட்டிங்கிலும் சாயத்திலும் 8 சதவீதம் சேதாரம் என்றால் துணி 920 கிலோ. கட்டிங்கில் 15 சதவீதம் போனால் ஆடையாக மிஞ்சுவது 782 கிலோ. ஒரு சட்டை 150 கிராம் என்றால் ஏறக்குறைய 5,200 சட்டைகள் வரும். இதே டிசியைக் காட்டி 6,500 சட்டைக்குச் சான்று கேட்டால் அவற்றின் எடை மட்டுமே 975 கிலோ; சேதாரம் வெறும் 25 கிலோ என்றாகிறது. அப்படி ஒரு கட்டிங் டேபிளை நான் பார்த்ததில்லை. தணிக்கையாளர் இங்கேதான் பிடிப்பார். ஆனால் முதல் டிசியே போலியாக இருந்தால் கீழே வரும் எல்லாக் கணக்கும் அழகாகப் பொருந்திவிடும். 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பே இந்தியாவில் அப்படியொரு மோசடியை வெளியிட்டது: போலிச் சான்றிதழ்களால் ஆர்கானிக் ஆக்கப்பட்ட பருத்தி 20,000 டன். பதினொரு நிறுவனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. போலிக் காகிதத்தில் இருந்த க்யூஆர் குறியீடு, அரசு இணையதளத்தைப் போலவே அமைத்த ஒரு நகல் தளத்துக்குக் கொண்டுபோனது. க்யூஆர் மீது எனக்கு அரைநம்பிக்கைதான் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

‘மறுசுழற்சி’ என்ற சொல் இன்னும் நெகிழ்வானது. மறுசுழற்சிக்கு இரண்டு சான்றுகள் பரவலாக உண்டு. ஆர்சிஎஸ் என்பது 5 சதவீத மறுசுழற்சி இழை இருந்தாலே கிடைக்கும். இழை எங்கிருந்து வந்தது என்ற சங்கிலியை மட்டுமே அது பார்க்கும். சாயப்பட்டறைத் தண்ணீரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஜிஆர்எஸ் ரசாயனத்தையும் தொழிலாளர் நிலையையும் சேர்த்துப் பார்க்கும். 20 சதவீதத்திலிருந்தே சான்று உண்டு என்றாலும், வாங்குபவர் கண்ணில் படும்படி அதன் சின்னத்தைப் போட 50 சதவீதம் வேண்டும். இரண்டிலும், ஆலையிலேயே விழுந்த கழிவும் மக்கள் உடுத்திக் களைந்த துணியும் மறுசுழற்சி என்ற ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. எங்கள் ஊர் கட்டிங் வேஸ்ட், ஓப்பன் எண்ட் மில்களுக்குப் போய் நூலாகத் திரும்புவது எத்தனையோ காலமாக நடக்கும் வியாபாரம். எந்த லேபிளுக்காகவும் தொடங்கியதல்ல. நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் ‘மறுசுழற்சி’ என்று படிப்பவர் மனத்தில் எழும் படம், குப்பைக்குப் போகவிருந்த பழைய சட்டையின் படம் அல்லவா?

‘சஸ்டெய்னபிள்’ என்பதற்கோ எடை, சதவீதம், எண் எதுவுமே கிடையாது. பருத்தி ஆர்கானிக்காக இருப்பதைச் சொல்கிறதா, தண்ணீர் குறைவாகச் செலவானதையா, அட்டை மக்கும் காகிதம் என்பதையா என்று தெரியாமலே அந்தச் சொல் விற்பனையாகிறது. நச்சுப் பொருள்களுக்காகச் சோதித்த ஓக்கோடெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றைக் காட்டி ஆர்கானிக் போலப் பேசுவதையும் பார்க்கிறேன். அந்தச் சோதனை பயனுள்ளது. குழந்தை ஆடைக்கு அதன் வரம்புகள் கடுமையானவை. ஆனால் பஞ்சு எப்படி விளைந்தது என்று அது கேட்பதில்லை.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டிக்கொள்ளும் பசுமைப் பூச்சைத் தடுக்க 2024 அக்டோபரில் தாங்கள் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆர்கானிக், சஸ்டெய்னபிள் போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று அவை தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் அந்த விவரத்தை க்யூஆர் குறியீடு அல்லது இணைய முகவரி வழியாகத் தரலாம் என்று விட்டதில்தான் துணிக்கடைக்காரர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். தீபாவளி நெரிசலில் கைக்குழந்தையோடு நிற்கும் ஒருவர் ஒவ்வொரு சட்டையையும் போனில் ஸ்கேன் செய்து, ஆங்கிலத்தில் திறக்கும் பக்கத்தைப் படிக்கப் போவதில்லை.

எனவே ஜவுளிக்கென்று தனியாக ஒரு விளக்கக் குறிப்பை வெளியிடக் கோருகிறேன். சுற்றுச்சூழல் சார்ந்த எந்தச் சொல் அட்டையில் வந்தாலும், தைத்த லேபிளிலேயே நான்கு விவரங்கள் இருக்கட்டும்: எந்தத் தரநிலை, அந்த இழை எத்தனை சதவீதம், சான்றளித்தவர் யார், உரிம எண் என்ன. மறுசுழற்சி என்றால் அது ஆலைக் கழிவா, பயன்படுத்திய பொருளா என்று ஒரு சொல் கூடுதலாக வேண்டும். இந்த விவரங்களைத் தர முடியாதவர்கள் ‘பருத்தி’ என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம். ஏற்றுமதிச் சட்டையில் ஐரோப்பியக் கடைக்காக நாங்கள் இவற்றில் பலவற்றை ஏற்கெனவே தைத்து அனுப்புகிறோம்; அதே தையல் வரிசையில் உள்ளூருக்குப் போகும் சட்டைக்கும் தைக்க ஆகும் கூடுதல் செலவு மிகச் சிறியது.

நான் வாங்கிய சட்டையின் அட்டை, உள் லேபிள் ஆகியவற்றின் படங்களை, நிறுவனத்தின் பெயரை மறைத்து, இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். ஆணையம் கேட்டால் சட்டையையே அனுப்பத் தயார். குழந்தைக்கு வேறு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர்