அவர்கள் என்றால் எத்தனை பேர்?

அன்புள்ள சிவம்,

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று வாசித்த பிறகுதான் மனம் ஆறியது. இங்கே வெயில் தாங்க முடியவில்லை. கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கறுத்தக்கொழும்பான் மாமரம் மட்டும் இந்த வருடம் குறைவில்லாமல் காய்த்திருக்கிறது. சின்னவள் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறாள்.

ஆங்கிலக் காணி உறுதிகளைத் தமிழாக்கும்போது ஆட்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் பட்டங்களை என்ன செய்வது, திரு, திருமதி போடுவதா விடுவதா என்று கேட்டிருந்தாய். சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளராக இத்தனை வருடம் இருக்கிற நீ என்னைக் கேட்கிறாய் என்றால் கையில் ஏதோ சிக்கலான கட்டு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் இரண்டு வரியில் முடிக்காமல், எங்கள் கந்தோரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சரஸ்வதி என்று ஒரு டொக்டர் அம்மா. ரொறன்ரோவில் இருக்கிறா. கலியாணத்துக்கு முன் தாய் தகப்பன் எழுதிக் கொடுத்த சீதனக் காணி, மொத்தம் ஆறு பரப்பு. அதில் இரண்டு பரப்பைப் பிரித்து விற்க விரும்பினா. அங்கிருந்து ஆங்கிலத்தில் அற்றோணித் தத்துவம் அனுப்பினா, இங்கே தம்பி கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு. உறுதியில் இரண்டு அட்டவணை: முதலாவதில் ஆறு பரப்புக் காணி முழுவதும், இரண்டாவதில் நிலஅளவையாளர் பிரித்துக் கொடுத்த இரண்டு பரப்புத் துண்டு.

சீதன உறுதியில் அவவின் பெயர் "கந்தையா மகள் சரஸ்வதி". அற்றோணித் தத்துவத்தில் ஆங்கில முறைப்படி டொக்டர், அடைப்புக்குறிக்குள் மிஸிஸ், பிறகு சரஸ்வதி நடராசா. நிலஅளவைப் படத்தில் தெற்கு எல்லைக்கு அதே பட்டங்களோடு எஸ். நடராசா என்று முதலெழுத்து மட்டும். உறுதியைத் தமிழில் அடித்தது நான். முகப்பில் "திருமதி சரஸ்வதி நடராசா" என்று போட்டேன். இரண்டாம் அட்டவணையின் தெற்கு எல்லையைப் படத்தைப் பார்த்து அடிக்கும்போது, மிஸிஸ் விடுபட்டு, டொக்டர் "கலாநிதி" ஆகி, "தெற்கு: கலாநிதி எஸ். நடராசாவின் காணி" என்று விழுந்துவிட்டது.

இரண்டு சொல்தானே என்று தோன்றும். காணியை வாங்கியவர் ஈடு வைத்துக் கடன் எடுக்கப் போனபோது வங்கியின் சட்டத்தரணி இரண்டு கேள்வி எழுதி அனுப்பினார். ஒன்று, தெற்கே இருக்கிற கலாநிதி எஸ். நடராசா யார்? முதலாம் அட்டவணைப்படி ஆறு பரப்பும் விற்பவருக்கு உரியது என்றால், மிச்சம் நாலு பரப்பு எப்படி இன்னொருவர் கைக்குப் போனது? கேள்வியில் பிழை இல்லை. அந்த வரியை வாசிக்கிற யாருக்கும் வேறொரு ஆண், ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர், பக்கத்தில் இருக்கிறார் என்றுதான் படும். எங்கள் நாட்டில் கலாநிதி என்றால் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர், மருந்து கொடுப்பவர் வைத்திய கலாநிதி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே டொக்டர். பார்த்து மாற்றாவிட்டால் ஆள் மாறிவிடுகிறார்.

இரண்டாவது கேள்வி இதைவிடப் பாரதூரமானது. விற்பவர் திருமதி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சம்மதம் எங்கே? உண்மையில் அவவின் கணவர் காலமாகிப் பல வருடம். சம்மதம் தேவையே இல்லை. ஆனால் உறுதி முழுக்கத் தேடினாலும் விதவை என்ற சொல் இல்லை. திருமதி என்ற சொல் கணவனோடு இருப்பவளுக்கும் பொருந்தும், கணவனை இழந்தவளுக்கும் பொருந்தும். மரியாதைக்காக வைத்த சொல், சட்டம் கேட்கிற ஒரு செய்தியை மறைத்துக்கொண்டு நின்றது.

பதிவாகிப்போன உறுதியில் கை வைக்க முடியாது. மூலப்பிரதி, காணிப்பதிவகத்துக்குப் போன இரண்டாம் பிரதி, நொத்தாரிசு வைத்திருக்கும் பிரதி, மூன்றிலும் ஒரே பிழை. பிழைதிருத்த உறுதிதான் வழி. அற்றோணித் தத்துவமோ விற்றுக் கையொப்பமிட மட்டுந்தான் அதிகாரம் கொடுத்திருந்தது. புதிதாக ஒன்று எழுதி அனுப்பி, அவ அங்கே கையெழுத்து வைத்து, அது தபாலில் வந்து சேரும் வரை வாங்கியவர் கடன் இல்லாமல் காத்திருந்தார். வீட்டு அத்திவாரம் வெட்டி வைத்திருந்த மனிதர். ஒவ்வொரு கிழமையும் கந்தோர் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார். அதை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கோப்புத் திறந்ததும் முதல் வேலை ஒரு தாள். அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி: அடையாள அட்டையில் உள்ள பெயர் தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில், இன்னாரின் மகன் அல்லது மகள், மனைவியா விதவையா மணமாகாதவரா, பழைய உறுதிகளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறார். முகப்பில் இது முழுதாக ஒருமுறை வரும். சரஸ்வதி அம்மாவுக்கு இன்று எழுதினால் "காலஞ்சென்ற நடராசாவின் விதவையும், குறித்த சீதன உறுதியில் கந்தையா மகள் சரஸ்வதி எனக் குறிப்பிடப்பட்டவருமான சரஸ்வதி நடராசா" என்று எழுதுவேன். திருமதியும் இல்லை, டொக்டரும் இல்லை. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்து, தொழில் சொன்னால்தான் ஆள் தெளியும் என்றால் "வைத்தியர்" என்று முகப்பில் மட்டும் தொழிலாகச் சொல்லலாம். அதன்பின் உறுதி முடியும்வரை அவ "விற்பவர்". அட்டவணையின் தெற்கு எல்லை "விற்பவருக்குரிய மிகுதிக் காணி". பெயரை அங்கே மறுபடி எழுதாவிட்டால் பெயர் மாறவும் இடமில்லை.

அயற்காணிக்காரர் எல்லோருக்கும் வெறும் பெயர். கிழக்கே இருப்பவருக்குத் திரு போட்டு, மேற்கே இருப்பவருக்கு விட்டால், மேற்கே இருப்பவர் அதை வாசிக்கும் நாளில் மனம் நோவார்.

இனி நீ கவனிக்க வேண்டிய இன்னொன்று. ஆங்கிலத்தில் இந்த ஆபத்து இல்லை, தமிழில்தான் இருக்கிறது. "அவர்கள்" என்ற சொல்லைச் சொல்கிறேன். சென்ற வருடம் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். மனைவியின் சீதன வளவை விற்க வேண்டும், கணவர் சம்மதம் கொடுக்க மட்டும் கூட வந்தவர். வெளியில் யாரோ அடித்துக் கொடுத்த வரைவில் "விற்பவர் அவர்கள் மேற்படி பணத்தைப் பெற்றுக்கொண்டார்கள்" என்று இருந்தது. அம்மாவுக்குக் கொடுத்த மரியாதை அது. ஆனால் அதே வரைவோடு இணைத்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்த வரி பன்மையாகிவிட்டது, விற்பவர் இருவர், பணம் பெற்றவரும் இருவர். சீதனம் மனைவிக்கே உரியது. கணவரை விற்பவராக எழுதினால், காணியில் அவருக்கும் பங்கு இருந்ததா என்று நாளைக்கு ஒருவர் கேட்பார்.

அதனால் நான் "கள்" விகுதியை எண்ணிக்கைக்கு என்றே வைத்துக்கொள்கிறேன். ஒருவர் என்றால் விற்பவர், பெற்றுக்கொண்டார். இருவர் என்றால் விற்பவர்கள், பெற்றுக்கொண்டார்கள். மரியாதைக்கு "ஆர்" விகுதியே போதும், அதில் யாருக்கும் குறை வராது. கணவருக்குச் "சம்மதமளிப்பவர்" என்று தனிப் பெயர். அவர் பணம் பெறும் வரியில் வரவே கூடாது, சம்மத வரியிலும் கையொப்பத்திலும் மட்டும் வருவார். நொத்தாரிசின் அத்தாட்சியுரையையும் இதே கண்ணோடு பார். கடைசிப் பக்கம்தானே என்று அங்கேதான் பழைய படிவத்தின் "அவர்கள்" அப்படியே தங்கிவிடுகிறது.

சில பட்டங்கள் பெயரோடு ஒட்டியவை, அவற்றை வெட்டக் கூடாது. கோயில் ஐயர் ஒருவரின் உறுதியில் "சிவஸ்ரீ" என்று முன்னுக்கு வரும், "சர்மா" என்று பின்னுக்கு வரும். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் அடையாள அட்டையிலும் இருந்தால் அது பெயர், எடுக்க நமக்கு உரிமை இல்லை. கலியாண அழைப்பிதழிலும் கோயில் நோட்டீசிலும் மட்டும் இருந்தால் அது மரியாதை. சர்மா பெரும்பாலும் முதல் வகை, சிவஸ்ரீ இரண்டாவது. பழைய உறுதிகளில் வரும் உடையார், விதானை போன்றவற்றை, அந்த உறுதியைக் குறிப்பிடும் இடத்தில் இருந்தபடியே எழுது. பழைய தாளோடு ஒத்துப் பார்ப்பவருக்கு அந்தச் சொல்தான் அடையாளம்.

பெரியவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் கொஞ்சம் பாடு. இளைப்பாறிய அதிபர் ஒருவர், சமாதான நீதவானும் கூட, தன் பெயர் மொட்டையாக நிற்பதைப் பார்த்து முகம் வாடிவிட்டார். பக்கத்தில் இருந்து முதல் தாளிலிருந்து கடைசி அட்டவணை வரை வாசித்துக் காட்டி, ஒரே ஆள் ஒரே பெயரில் வந்தால் உங்கள் பேரப்பிள்ளைக்கு வழக்கு வராது ஐயா என்று சொன்னேன். சரி என்று தலையாட்டிக் கையெழுத்து வைத்தார். கணக்குச் சீட்டை அனுப்பும்போது உறையில் எல்லாப் பட்டங்களையும் முழுதாக எழுதி அனுப்பினேன்.

கணினியில் கடைசியாக ஒருமுறை தேடிப் பார்ப்பதுண்டு. "திரு" என்று மட்டும் தேடினால் திருநெல்வேலிக் காணி எல்லாம் வந்து நிற்கும், அதனால் புள்ளியோடு "திரு." என்று தேடு. பிறகு திருமதி, செல்வி, கலாநிதி, அவர்கள். கையொப்பத்துக்கு முன் பிடித்தால் புதுத் தாள் எடுத்தால் சரி. கையொப்பம் வைக்கிற நேரத்தில் பிடித்தால், எந்தப் பக்கம் எந்த வரியில் என்ன வெட்டப்பட்டது என்பதை நொத்தாரிசு அத்தாட்சியுரையில் எழுத வேண்டும், எல்லாப் பிரதியிலும்.

உன் கையில் இருக்கும் ஆங்கில வரைவை, கையெழுத்தாகும் முன் ஒரு பிரதி எனக்கு அனுப்பு. பழைய உறுதிகளின் பிரதிகளும் இருந்தால் சேர்த்து அனுப்பு. பெயர்த் தாளை நானே போட்டுத் தருகிறேன். ஞாயிறு இரவு பஸ்ஸில் மாம்பழப் பெட்டி ஒன்று வருகிறது, வெள்ளவத்தையில் திங்கள் விடிய எடுத்துக்கொள். அம்மாவுக்கு இன்னும் இரண்டு கிழமைக்கு அடுப்புப் புகை படாமல் பார்.

அன்புடன்,
உன் இரத்தினம்