சரோ, உன் மனுவில் பாதியை வெட்டிவிட்டேன்

அன்புள்ள சரோஜா,

முதுகு வலி தேவலையா? போனை எடுக்காததற்குத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள்.

மனு கிடைத்தது. நாலு பக்கமாடி! அலுவலகத்தில் தபால் பிரிக்கும் சீட்டில் உட்கார்ந்து காலம் தள்ளியவள் சொல்கிறேன், அதைப் பிரிப்பவர் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார். வடிகால், தெருவிளக்கு, நாய், ஆள்நுழைவுத் தொட்டி என்று நாலையும் ஒரே மனுவில் கொட்டியிருக்கிறாய். ஒரு மனு ஒரு சீட்டுக்குத்தான் போகும். விளக்கைச் சரிசெய்துவிட்டு, "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஆள்நுழைவுத் தொட்டி பொங்கி ரோட்டில் கழிவுநீர் ஓடுவது குடிநீர் வாரியத்தின் வேலை, அதை அங்கே தனியாக எழுது. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. மழையே இல்லாத நாளில் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால், யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்திருந்தால் தேதியோடு ஒரு வரி சேர். பக்கத்து வீட்டுக்காரர் பேரை இழுக்காதே, உன் சந்தேகம் எனக்குத் தெரியும்!

வடிகாலை மட்டும் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"எங்கள் தெருவில் வீட்டு எண் 12 முதல் 20 வரை மழைநீர் வடிகாலில் மண் நிறைந்துள்ளது. அரை மணி நேர மழைக்கே தண்ணீர் முழங்கால் அளவு தேங்கி, மறுநாள்தான் வடிகிறது. எண் 16-க்கு எதிரே மூடி உடைந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இப்பகுதியைத் தூர் வாரி, மூடியை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

நீ எழுதியிருந்த "ஆவன செய்யவும்" என்பதைப் பிடித்துக்கொண்டு எதையும் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். தூர் வாரவில்லை என்றால் அது கண்ணுக்குத் தெரியும், கேள்வி கேட்கலாம்.

"உங்களுக்கு வெட்கமில்லையா" என்ற வரியை அடித்தேன். நியாயம்தான், ஆனால் அதைப் படிக்கப்போவது போன வாரம் மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளராக இருக்கலாம். அவரை முதல் வரியிலேயே எதிரியாக்கி என்ன கிடைக்கும்? கோபத்துக்குப் பதிலாக, மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் நீ கொடுத்த புகாரின் எண்ணையும் தேதியையும் "பார்வை" என்ற இடத்தில் போடு. நீ கத்துவதைவிட அது அதிகம் உறைக்கும். அதற்காகக் கடைசிப் பத்தியில் "தங்கள் பாதம் பணிந்து" என்று எழுதுவானேன்? "ஐயா" என்று தொடங்கி "இப்படிக்கு" என்று முடி, போதும்.

வார்டு எண், தெருப் பெயர், உன் கைபேசி எண் மூன்றும் விட்டுப்போயிருக்கின்றன. ஆய்வுக்கு வருகிறவர் தெருவில் நின்று யாரைக் கூப்பிடுவார்?

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்கு நேரில் போ. உன் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதே. நாய் மனுவை நானே எழுதித் தருகிறேன், நீ எழுதினால் நாயையும் திட்டுவாய்.

அன்புடன்,
விஜி