ஊராட்சித் தலைவருக்கு ஒரு பக்கம்

அன்புள்ள பூங்குழலி,

அந்த ஊரின் போர்க் கிணறுகளில் ஃப்ளூரைடு எவ்வளவு என்று சோதித்து நீ எழுதி அனுப்பிய தாளை நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். சோதனையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாதிரிகளைக் கண்ணாடியில் எடுக்காமல் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்திருக்கிறாய், ஃப்ளூரைடை அளக்கும் மின்முனையை அளவு தெரிந்த தரக் கரைசல் வைத்துச் சரிபார்த்திருக்கிறாய். பரிசோதனைக்கூடத்திலேயே காலம் தள்ளியவள் என்பதால் என் கண் முதலில் அங்கேதான் போயிற்று. ஆனால் கண்ணு, இது உன் வழிகாட்டிக்குப் போகிற தாள் இல்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊராட்சித் தலைவர் எழுந்து, எந்த போர் தண்ணீரைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பதில் உன் தாளில் கடைசிப் பத்தியில் கிடக்கிறது. அதுவும் 'எஸ்-4, எஸ்-6' என்று. எஸ்-4 எங்கே இருக்கிறது என்று அந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

நான் எழுதினால் இப்படித் தொடங்குவேன்:

"மே மாதம் நம் ஊரின் ஆறு போர்களில் தண்ணீர் எடுத்துச் சோதித்தோம். பள்ளிக்கூடத்து போரிலும் மாரியம்மன் கோயில் அடிபம்பிலும் ஃப்ளூரைடு அதிகமாக இருக்கிறது. இந்த இரண்டின் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்க வேண்டாம். குளிக்க, துணி துவைக்க எடுக்கலாம்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் அடிபம்பையே கழற்றிவிடுவார்கள், அப்புறம் கோயில் தெருக்காரர்கள் துவைக்கக்கூடத் தண்ணீர் இல்லாமல் உன்னைத்தான் திட்டுவார்கள். அடுத்ததாக ஒரு சின்ன அட்டவணை: ஊர்க்காரர்கள் சொல்கிற பெயரில் போர், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம், குடிக்கலாமா. 2.34 என்று போடாதே, 2.3 போதும். எந்தக் கருவி, என்ன கரைசல் சேர்த்தாய் என்பதெல்லாம் உன் நோட்டில் இருக்கட்டும்.

சிக்கல் வரப்போவது நடுவில் இருக்கும் இரண்டு போர்களில். 0.7, 0.9 பற்றி யாரும் சண்டை போடமாட்டார்கள். 2.3, 3.1 பற்றியும் சந்தேகம் இல்லை. 1.2, 1.4 வந்த இரண்டையும் நீ 'அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாய். இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 10500-ஐ இன்னொரு முறை எடுத்துப் பார். ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. 1.5 வரை விடலாம் என்பது வேறு தண்ணீர் கிடைக்காத இடத்துக்குக் கொடுத்த சலுகை. உன் ஊருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய் வந்திருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தத் திட்டமே தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து ஃப்ளூரைடுக்காக வந்ததுதானே. குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வரும் நாளில் 1.5 என்ற கணக்கு அந்த ஊருக்குப் பொருந்தாது. இதைத் தலைவருக்கு இப்படிச் சொல்லலாம்: "இந்த இரண்டு போர்களிலும் ஃப்ளூரைடு விரும்பத்தக்க அளவைவிடக் கொஞ்சம் கூடுதல். ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாட்களில் அதையே குடிக்கவும். வராத நாளில் இவற்றை எடுக்கலாம்." தரநிர்ணயத்தின் எண்ணைக் கீழே ஒரு வரியில் போட்டால் போதும், அதிகாரி யாராவது கேட்டால் காட்டுவதற்கு.

1.4-க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. உன் அளவீட்டில் 0.1 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கலாம் என்று குறித்திருக்கிறாய். அப்படியானால் உண்மையில் 1.5-ஆகவும் இருக்கலாம். கூட்டல் கழித்தல் குறியைத் தலைவருக்கான பக்கத்தில் போட்டால் ஒன்று அதைக் கவனிக்கமாட்டார்கள், இல்லாவிட்டால் மொத்தச் சோதனையுமே சந்தேகம் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் சந்தேகத்தை அது நிஜமாக இருக்கிற இடத்தில் மட்டும் சொல். 3.1-இல் 0.1 கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறாது, அங்கே தயங்காதே. 1.4 வந்த போருக்கு நேராக 'மறுபடி சோதிக்க வேண்டும்' என்று எழுது, கிராம சபைக்கு முன்னால் இன்னொரு மாதிரி எடுத்துவிடு. எல்லாமே கோடையில் ஒரே ஒருமுறை எடுத்த மாதிரி, மழைக்குப் பிறகு அளவு மாறலாம் என்பதையும் ஒரு வரியில் சேர்.

இந்தப் பக்கத்தைப் படித்ததும் ஊர்க்காரர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்று யோசித்தாயா? காய்ச்சுவார்கள். தண்ணீர் சரியில்லை என்றால் நம் வீடுகளில் அதுதானே பழக்கம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற மிச்சத் தண்ணீரில் அது கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் போகாது, சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டரிலும் போகாது. உன் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இது இல்லாமல் அந்தப் பக்கத்தை வெளியே விடாதே.

இன்னொன்றையும் கேட்பார்கள்: "பள்ளிக்கூடத்துத் தண்ணிதானே நல்லா இருக்கும், பருப்பு சீக்கிரம் வேகும்?" அது பொய்யில்லை. ஃப்ளூரைடு கூடிய தண்ணீரில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் மென்மையாக இருக்கும். நிறத்திலோ வாசனையிலோ ஃப்ளூரைடைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிவிடு. கூடவே, இது பாறையிலிருந்து கரைந்து வருவது, யாரும் கலந்ததில்லை என்றும் சொல். இல்லாவிட்டால் போர் போட்ட காண்ட்ராக்டரைப் பிடித்துக்கொள்வார்கள்.

பல் விஷயத்தை மட்டும் நீ மாற்றியே ஆக வேண்டும். 'இந்தத் தண்ணீரால் குழந்தைகளின் பற்கள் பாதிக்கப்பட்டுள்ளன' என்று எழுதியிருக்கிறாய். நீ அளந்தது தண்ணீரை. ஒரு பிள்ளையின் வாயையும் நீ பார்க்கவில்லை. மற்ற இடங்களில் தெரியவந்ததையும் இந்த ஊரில் நீ கண்டதையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதே. "பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயது வரை, இப்படிப்பட்ட தண்ணீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் கறை விழும் என்று தெரியவந்துள்ளது. நாங்கள் பற்களைச் சோதிக்கவில்லை." இப்படி இருக்கட்டும். ஏற்கெனவே விழுந்த கறை தண்ணீரை மாற்றினால் போகாது என்பதையும் சொல்லிவிடு. இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒன்றும் மாறவில்லையே என்று மறுபடி பழைய போருக்கே போய்விடுவார்கள். இந்த மாற்றத்தின் பலன் சின்னப் பிள்ளைகளுக்கும் இனி பிறக்கப் போகிறவர்களுக்கும்தான்.

திருத்தி முடித்ததும் டேங்க் ஆபரேட்டரிடமும், சத்துணவு சமைக்கிற அம்மாவிடமும் படிக்கக் கொடு. புரிந்ததா என்று கேட்காதே, எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "நாளைக்கு எந்தப் பம்பில் குடம் வைப்பீர்கள்? இந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?" என்று கேள். சத்துணவு அம்மா பள்ளிக்கூடத்து போரில்தான் சாம்பார் வைப்பேன் என்றால் தவறு அவரிடம் இல்லை, தாளில் இருக்கிறது. எந்த வரியைப் படித்து அப்படி நினைத்தார் என்று கேட்டு அந்த வரியை மாற்று.

பக்கத்தின் அடியில் தண்ணீர் எடுத்த தேதியும் ஒரு தொலைபேசி எண்ணும் வேண்டும். கூடத்தின் எண்ணைப் போடாதே, மாலை ஐந்து மணிக்கு மேல் அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். உன் எண்ணைப் போடு. 1.4-க்கு மறுசோதனையில் என்ன வந்தது என்று எனக்கும் சொல்.

அன்புடன்,
அம்மா