ரெண்டு ஃபைலா இருக்குன்னு 196 ரூபா கூட வாங்கிட்டீங்க

மேனேஜர் சாருக்கு வணக்கம். நான் காட்பாடில டியூஷன் எடுக்குறேன், உங்க கடைல தான் ரொம்ப நாளா ஜெராக்ஸ் போடுறேன். போன சனிக்கிழமை போட்ட பில்ல பத்தி தான் இது.

உங்க போர்டுல இருக்குற ரேட் இது தான்: 50 பக்கம் வரைக்கும் 2 ரூபா, 200 வரைக்கும் ஒன்றரை, 500 வரைக்கும் 1 ரூபா, அதுக்கு மேல போனா மொத்தத்துக்கும் 70 காசு. பேக் டு பேக் போட்டாலும் ஒரு தாளுக்கு ரெண்டு பக்கம்னு தான் கணக்கு, அதுல எனக்கு தகராறு இல்ல. நான் குடுத்தது 12 பக்க கொஸ்டின் பேப்பர் 40 செட், அது 480 பக்கம், கூட ஆன்சர் கீ ஒரு பக்கம் 40 காப்பி, ஆக 520. 70 காசு போட்டா 364 ரூபா வரணும். ஆனா கவுண்டர்ல இருந்த தம்பி ரெண்டும் வேற வேற ஃபைல்னு சொல்லி 480க்கு 480 ரூபா, 40க்கு ரெண்டு ரூபா வீதம் 80, மொத்தம் 560 வாங்கிட்டாரு. போர்டுல ஃபைல்ன்னு ஒரு வார்த்தை கூட இல்லையே சார்.

அவர் சொல்ற காரணம் எனக்கும் புரியுது. ஒரு ஃபைல 40 செட் போடுறது ஒரு தடவ கமாண்ட் குடுத்தா மிஷின் பாட்டுக்கு ஓடும், 40 பேரோட 40 ஃபைல்னா ஒவ்வொண்ணா வாட்ஸாப்ல எடுத்து திறந்து மார்ஜின் பாத்து தான் போடணும், நேரம் அதுல தான் போகுது. ஆதார் காப்பி கேட்டு வர்றவங்க, சிஎம்சி ரிப்போர்ட்டோட நிக்கிறவங்க, ப்ராஜெக்ட் போடுற காலேஜ் பசங்க எல்லாரும் ஒரே வரிசைல தான் நிக்கிறாங்க, அது கஷ்டம் தான். அதுக்கு முதல் ஃபைலுக்கு மேல வர்ற ஒவ்வொரு ஃபைலுக்கும் 5 ரூபான்னு போர்டுல எழுதி வாங்கிக்கோங்க, எனக்கு 5 ரூபா தான் ஏறிருக்கும். அதுக்காக பக்க எண்ணிக்கையையே பிரிச்சு ஒருத்தரோட வேலைய சில்லறை ரேட்டுக்கு தள்ளுறது நியாயமே இல்ல.

இன்னொண்ணும் பாருங்க, 400 பக்கம் போட்டா 400 ரூபா, 501 போட்டா 350 ரூபா 70 காசு. இது தெரிஞ்சவங்க தேவையில்லாம நூறு பக்கம் சேத்து போட்டு தாள குப்பைல போடுறாங்க, டோனர் செலவும் உங்களுக்கு தான், தெரியாத பசங்க அதிகமா குடுத்துட்டு போறாங்க. 351லருந்து 500 பக்கம் வரைக்கும் யாரு போட்டாலும் 350 ரூபா 70 காசுக்கு மேல வாங்கக்கூடாதுன்னு ஒரு வரி சேத்தா போதும், மத்த ஸ்லாப் மாறுற இடத்துலயும் அதே மாதிரி பண்ணலாம்.

எனக்கு 196 ரூபா திருப்பி குடுங்க, இல்ல அடுத்த பில்லுல கழிச்சிடுங்க. ஒரு பில்லுல இருக்குற எல்லா ஃபைலையும் கூட்டி தான் ஸ்லாப் பாக்கணும்னு போர்டுலயும் எழுதிடுங்க. பில் போட்டோ இதோட அனுப்பிருக்கேன், வர்ற சனிக்கிழமை அடுத்த டெஸ்ட் பேப்பர் போட வருவேன், அதுக்குள்ள பதில் சொல்லுங்க சார்.